ஆறு வீட்டில் எது சம்பாதிக்கிறது?

"வீடெல்லாம் ஃபுல்." சென்னைப் புறநகரில் நாலைந்து வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவரிடம் நிலவரம் விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். கேட்ட அன்றைக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் போன ஜூனில் முதல் மாடி வீடு காலியாகக் கிடந்ததும், ஒரே வீட்டுக்கு வருடத்தில் மூன்று முறை வெள்ளை அடித்ததும் அந்தப் பதிலுக்குள் அடங்காது. வாடகை வங்கியில் வந்து விழுகிறது. செலவோ தண்ணீர் லாரிக்காரர், பிளம்பர், ஈ.பி. பில், சொத்து வரி என்று பல வழிகளில் சில்லறையாக வெளியேறிவிடுகிறது. வருடக் கடைசியில் கையில் நின்றது எவ்வளவு, அதில் எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

இதைச் சொல்ல விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. எக்செல்லோ, செல்பேசியிலேயே இருக்கும் கூகுள் ஷீட்ஸோ போதும். அதில் ஒரே திரையில் அடங்கும் ஒரு பலகை. வீட்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் வருடத்தில் எத்தனை சதவீத நாள் குடியிருந்தார்கள், அந்த வீட்டுக்கு எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்கள். டேஷ்போர்டு என்று பெரிதாகப் பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் கணக்கு ஏமாற்றிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேசும்.

மடிப்பாக்கம் மாதிரி ஓரிடத்தில் ஒரு வீட்டுக்காரர் இருப்பதாக வைத்துக்கொண்டு, கணக்கை முழுதாகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாடிக் கட்டடம், தளத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் ஆறு. லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் பார்க்கிங்குக்கு இடம் விட்டதால் அங்கே இருக்கும் இரண்டும் 600 சதுர அடி, ஒரு படுக்கையறை, வாடகை 11,000. மேலே இருக்கும் நான்கும் 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை, வாடகை 16,000. தரைத்தளத்துக்கு G1, G2, முதல் மாடிக்கு F1, F2, இரண்டாம் மாடிக்கு S1, S2 என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கணக்குக் காலம் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை.

பலகையைத் தட்டச்சு செய்யக் கூடாது. அது தானாக நிரம்ப வேண்டும். தட்டச்சு செய்ய வேண்டியவை வேறு மூன்று தாள்கள். Flats என்ற தாளில் வீட்டின் பெயரும் சதுர அடியும், மொத்தப் பரப்பில் அதன் பங்கும். இதை ஒரு தடவை எழுதினால் போதும். Stays என்ற தாளில் குடியிருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி: எந்த வீடு, வந்த தேதி, போன தேதி, வாடகை. இன்னும் இருக்கிறவர்களுக்குப் போன தேதியைக் காலியாக விட வேண்டும். Costs என்ற தாளில் ஒவ்வொரு செலவும்: தேதி, வீடு, எதற்கு, தொகை. நான்காவது தாளான Board-இல்தான் பலகை வரும்.

முதலில் குடியிருப்பு விகிதம். பலர் இதை ஆள்கணக்காகப் போடுகிறார்கள். ஆறில் ஆறு வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், ஆகவே 100 சதவீதம் என்பார்கள். அது அன்றைய நாளின் புகைப்படம்; வருடத்தின் கணக்கு ஆகாது. சரியான அளவு நாள். ஆறு வீடு, 365 நாள் என்றால் மொத்தம் 2,190 வீட்டு நாட்கள். அதில் எத்தனை நாளுக்கு வாடகை சேர வேண்டியிருந்தது என்பதுதான் விகிதம். பெயிண்ட் அடிக்க வீட்டைப் பூட்டி வைத்த பத்து நாளையும் காலி நாளாகவே எண்ண வேண்டும். வேலை நடந்தது என்று அதைக் கழித்துவிட்டால், அந்தப் பத்து நாள் வாடகை போனது எங்கேயும் தெரியாது.

Board தாளில் B2 கட்டத்தில் கணக்கு முடியும் தேதியை எழுதி, B1-இல் தொடங்கும் தேதியை இப்படி வரவழைக்கலாம். எந்த மாதக் கடைசித் தேதியைக் கொடுத்தாலும் அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தை எடுத்துக்கொள்ளும்:

```
=EOMONTH(B2,-12)+1
```

Stays தாளில் வீடு A பத்தியிலும், வந்த தேதி B-யிலும், போன தேதி C-யிலும் இருந்தால், E பத்தியில் இந்த ஃபார்முலா:

```
=MAX(0,MIN(IF(C2="",Board!$B$2,C2),Board!$B$2)
 -MAX(B2,Board!$B$1)+1)
```

பார்க்கத்தான் மிரட்டல். இது சொல்வது எளிய விஷயம். குடியிருந்தவர் கணக்குக் காலத்துக்கு முன்பே வந்திருந்தால் காலம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணு. இன்னும் போகவில்லை என்றால் காலம் முடியும் நாள்வரை எண்ணு. காலத்துக்குள் வராதவரை சுழியம் என்று விடு. பலகையில் ஆறாவது வரியில் வீடுகள் தொடங்கினால், விகிதத்துக்கு இது போதும்:

```
=SUMIF(Stays!A:A,A6,Stays!E:E)/($B$2-$B$1+1)
```

நம் வீட்டுக்காரருக்கு G1, G2, F2 மூன்றும் வருடம் முழுக்க 100 சதவீதம். F1 ஜூன், ஜூலை இரண்டு மாதம் காலி, 83.3 சதவீதம். S2 ஜனவரி ஒரு மாதம் காலி; 91.5. S1-இல் ஒரே வருடத்தில் மூன்று குடும்பம் காலி செய்திருக்கிறது. ஜூன், அக்டோபர், பிப்ரவரி என்று மூன்று மாதம் ஆளில்லை, 75.6 சதவீதம். மொத்தத்தில் 181 நாள் போக 2,009 நாள், அதாவது 91.7 சதவீதம். 2025 மார்ச் 31 அன்று ஆறு வீட்டிலும் ஆள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான்.

இந்த விகிதத்துக்கு ஒரு குறை உண்டு. அது எல்லா நாளையும் ஒரே விலைக்கு எடைபோடும். இங்கே காலியாகக் கிடந்தது எல்லாமே 16,000 ரூபாய் வீடுகள். ஆறு மாத வாடகை, 96,000 ரூபாய் வராமல் போயிருக்கிறது. வந்திருக்க வேண்டியது 10,32,000, வந்தது 9,36,000. ரூபாய்க் கணக்கில் விகிதம் 90.7 சதவீதம். இந்த இரண்டு சதவீதமும் வெகுவாக விலகினால், பெரிய வாடகை வீடுதான் அடிக்கடி காலியாகிறது என்று பொருள். இன்னொன்று: ஆள் இருக்கிறார், வாடகை மூன்று மாதமாக வரவில்லை என்றாலும் நாள் விகிதம் 100 சதவீதமே காட்டும். அதனால் வாடகை வரவை ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதாமல் வங்கிக் கணக்கைப் பார்த்து எழுத வேண்டும்.

அடுத்தது செலவு. இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது.

ஒரு வீட்டுக்கென்று ஆன செலவு எளிது. S1-இல் குழாய் மாற்றினால் Costs தாளில் வீடு என்ற இடத்தில் S1 என்று எழுதிவிடலாம். ஆனால் மாடிப்படி விளக்கும் மோட்டாரும் ஓடும் பொது மின் இணைப்பு, சொத்து வரி, மெட்ரோ வாட்டர் வரி, பெருக்கித் துடைக்க வரும் அம்மாவின் சம்பளம், கோடையில் வரும் தண்ணீர் லாரி, தொட்டி கழுவும் கூலி என்பதெல்லாம் யார் தலையில்? அவற்றுக்கு Common என்று எழுத வேண்டும். நம் வீட்டுக்காரருக்கு வருடத்தில் சொத்து வரி 18,000, தண்ணீர் வரியும் கட்டணமும் 8,400, பொது மின் கட்டணம் 21,600, துப்புரவு 30,000, தண்ணீர் லாரி 24,000, மோட்டார் காயில் கட்டியதும் தொட்டி கழுவியதும் மற்றதுமாக 12,000. கூட்டினால் 1,14,000.

இதைச் சதுர அடிப்படி பிரித்தால் அடிக்கு 23 ரூபாய் 75 காசு. சின்ன வீட்டுக்கு 14,250. பெரிய வீட்டுக்கு 21,375. இது நியாயமா என்று கேட்டால், சொத்து வரிக்கு நியாயம், தண்ணீருக்கு இல்லை. தண்ணீரைச் சதுர அடி குடிப்பதில்லை, ஆட்கள்தான் குடிக்கிறார்கள். 600 சதுர அடி வீட்டில் ஆறு பேர் இருந்தால் லாரித் தண்ணீர் அங்கேதான் அதிகம் போகும். வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் இல்லாத கட்டடத்தில் இதற்குத் துல்லியமான விடை கிடையாது. ஏதாவது ஒரு முறையை எடுத்துக்கொண்டு வருட நடுவில் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். காலியாக இருக்கும் வீட்டுக்கும் அதன் பங்கைப் போட்டே ஆக வேண்டும். ஆளில்லை என்று சொத்து வரி குறைவதில்லை, படிக்கட்டு விளக்கு அணைவதும் இல்லை.

ஒரு வீட்டின் நேரடிச் செலவை எடுக்க:

```
=SUMIFS(Costs!D:D,Costs!B:B,A6,
 Costs!A:A,">="&$B$1,Costs!A:A,"<="&$B$2)
```

இதில் A6 இருக்கும் இடத்தில் "Common" என்று போட்டு, வரும் தொகையை Flats தாளில் உள்ள பங்கால் பெருக்கினால் பொதுச் செலவின் பங்கு வந்துவிடும். இரண்டையும் கூட்டினால் அந்த வீட்டின் நடைமுறைச் செலவு.

இந்த எண்ணை மாதாமாதம் பார்ப்பதில் பயனில்லை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. அதையும் 5 சதவீத ஊக்கத்தொகைக்காக ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. லாரித் தண்ணீர் கோடையில் மட்டும். மாதப் படம் போட்டால் ஏப்ரல் ஏதோ பேரிழப்பு போலவும் ஆகஸ்டு அமோகமாகவும் தெரியும். குடியிருப்பு விகிதத்தை மாதத்துக்கு மாதம் பார்க்கலாம். செலவை மட்டும் எப்போதும் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே EOMONTH போட்டது அதற்காகத்தான்.

இனி நேரடிச் செலவுகள். G1-க்கு 4,000, G2-க்கு 6,500, F1-க்கு 19,000, F2-க்கு 3,500, S2-க்கு 15,000. S1-க்கு 46,000. பொதுப் பங்கையும் சேர்த்தால் G1-இன் வருடச் செலவு 18,250. S1-இன் செலவு 67,375. ஆறு வீட்டுக்கும் மொத்தம் 2,08,000. வந்த வாடகையில் 22 சதவீதம். மொத்தத்தைப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

வரி வரியாகப் பார்த்தால்தான் திடுக்கிடும். S1-இல் வந்த வாடகை ஒன்பது மாதத்துக்கு 1,44,000. செலவு போக நின்றது 76,625. கீழே 11,000 ரூபாய்க்கு விட்டிருக்கும் G1-இல் வந்தது 1,32,000, நின்றது 1,13,750. மாத வாடகையில் 5,000 ரூபாய் அதிகமான மாடி வீடு, வருடக் கடைசியில் கீழ் வீட்டைவிட 37,000 ரூபாய் குறைவாகக் கொடுத்திருக்கிறது. "மேல் வீடுதான்பா நமக்கு நல்ல வரும்படி" என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவிடம், தாளைப் போட்டுக் கொடுத்த மகள் "இல்லப்பா, ஆறுலயும் கடைசி அதுதான்" என்று காட்டுகிற இடம் இது.

ஏன் என்று பலகை சொல்லாது. அதற்கு Costs தாளுக்குப் போய் S1 என்று வடிகட்டிப் பார்க்க வேண்டும். மூன்று முறை பெயிண்ட், தலா 9,000. பிளம்பிங் 5,000. மொட்டை மாடி ஒழுகலுக்குப் பூச்சு வேலை 14,000. மேற்குப் பார்த்த மேல்தள வீடு. மே மாதம் கூரை கொதிக்கிறது, நவம்பர் மழையில் கூரை ஒழுகுகிறது. குடும்பங்கள் நிற்காமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். ஆனால் அது ஊகம். வேலை மாற்றத்தாலும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும்கூடப் போயிருக்கலாம். Stays தாளில் காலி செய்த காரணம் என்று ஒரு பத்தி சேர்த்து, சாவி வாங்கும்போதே கேட்டு எழுதியிருந்தால் ஊகத்துக்கு வேலை இருந்திருக்காது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகு கேட்டால் உண்மையான காரணம் வரும். அதற்கு முன்னால் கேட்டால் எல்லோரும் "வீடு நல்லாதாங்க இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள்.

மூன்று பேரும் வெயிலையும் ஒழுகலையும் சொல்லியிருந்தார்கள் என்றால் முடிவு எளிது. S1-ஆல் போன வருடம் போனது வாடகையில் 48,000, பெயிண்டில் 27,000, ஒழுகலில் 14,000, ஆக 89,000. அந்தப் பகுதி மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பும் வெப்பம் தணிக்கும் வெள்ளை ஓடும் பதிக்க 80,000 ஆகும் என்று கொத்தனார் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 80,000-ஐ இந்த வருட நடைமுறைச் செலவில் கலக்கக் கூடாது. அது பல வருடத்துக்கான முதலீடு. Costs தாளில் வீடு என்ற இடத்தில் Capital என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன ஃபார்முலாக்கள் அதைத் தொடாது. கலந்துவிட்டால், கட்டடத்தைச் சரிசெய்த வருடமே மிக மோசமான வருடமாகத் தெரியும்.

F1-இன் கதை வேறு. நான்கு வருடம் இருந்த குடும்பம் போனதும் வீட்டுக்காரர் 17,500 கேட்டார். இரண்டு மாதம் டு-லெட் போர்டு தொங்கியது. கடைசியில் பழைய 16,000-க்கே விட்டார். இந்த முடிவையும் எண்ணால் அளக்கலாம். 1,500 ரூபாய் உயர்வு, பதினோரு மாத ஒப்பந்தத்தில் 16,500 ரூபாய். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போவது 16,000. அதாவது உயர்வுக்காக ஒரு மாதம் வரை காத்திருக்கலாம். அதைத் தாண்டினால், கேட்ட வாடகையே கிடைத்தாலும் முதல் ஒப்பந்தத்தில் நஷ்டம். போர்டு மாட்டும் அன்றைக்கே இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

வாடகைப் பணத்தில் கலந்து கணக்கைக் குழப்புவது அட்வான்ஸ். அது வரவு அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் வாங்குகிற வீடுகள் ஏராளம். எவ்வளவு வாங்கினாலும் அதற்கு Stays தாளில் தனிப் பத்தி வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள், பெயிண்ட் கூலியை முழுதாகச் செலவில் எழுதி, பிடித்த தொகையைக் கழித்தல் குறியோடு அதே வீட்டின் பெயரில் இன்னொரு வரியாக எழுத வேண்டும். நம் வீட்டுக்காரர் அப்படிப் பிடிக்கவில்லை. அதனால்தான் 27,000 ரூபாயும் அவர் தலையில் விழுந்தது.

தாள் பழுதாகும் இடங்கள் சில உண்டு. முதலாவது தேதி. தாளின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/04/2024 என்று எழுதுவதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2024 என்று எழுதினால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அந்தச் செலவு எந்தக் கூட்டலிலும் வராது. கண்டுபிடிப்பது எளிது: தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டால் தொல்லை தீரும்.

இரண்டாவது, பெயர். S1 என்று ஓரிடத்திலும் S 1 என்று இன்னோரிடத்திலும் எழுதினால், தாளுக்கு அவை இரண்டு வீடு. பெயரைக் கையால் எழுதாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி Data validation போட வேண்டும். அதோடு பலகையின் அடியில் ஒரு சோதனைக் கட்டம்: ஆறு வீட்டுச் செலவின் கூட்டலிலிருந்து, அதே காலத்தில் Costs தாளில் Capital நீங்கலான மொத்தத்தைக் கழித்தால் சுழியம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு வரி அனாதையாக நிற்கிறது.

மூன்றாவது, ஒரு வீட்டின் விகிதம் 100.3 என்று காட்டுவது. 365 நாளில் 366 நாள் குடியிருந்ததாகக் கணக்கு. பழையவர் காலையில் போய்ப் புதியவர் மாலையில் வந்த நாளை இரண்டு பேருக்கும் எழுதியிருப்பார்கள். போன தேதி என்பது கடைசியாக அந்த வீட்டில் தூங்கிய இரவின் தேதி என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

பலகையை அலங்கரிக்க வேண்டாம். ஆறு வரிக்கு வட்டப் படமும் வேகமானியும் எதற்கு? வீடு, விகிதம், வாடகை, செலவு, மீதி என்று ஐந்து பத்தி. விகிதம் 85-க்குக் கீழே போனாலோ, வாடகையில் செலவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ கட்டம் சிவக்கும்படி Conditional formatting போட்டால் போதும். நம் கணக்கில் F1-இன் விகிதம் சிவக்கும். S1-இல் இரண்டுமே சிவக்கும்.

வருமான வரிக்கு இந்தத் தாளின் பயன் குறைவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு, 30 சதவீதம் கழிவு தானாகக் கிடைக்கும். உண்மையில் எவ்வளவு செலவானது என்று யாரும் கேட்பதில்லை; அதிகம் செலவானது என்று ரசீது காட்டினாலும் கூடுதலாகக் கிடைக்காது. நம் வீட்டுக்காரருக்குச் சொத்து வரி போக ஆன செலவு 1,90,000. கிடைக்கும் கழிவு 2,75,400. இது பிறருக்குக் காட்டுவதற்கான கணக்கு அல்ல, வீட்டுக்காரர் தனக்காகப் போடுகிற கணக்கு.

தொடங்க நினைப்பவர்கள் பத்து வருடப் பழைய நோட்டைத் தோண்ட வேண்டாம். இந்த நிதியாண்டின் ஏப்ரல் 1-லிருந்து எழுதினால் போதும். வாடகை வங்கிக் கணக்கில் இருக்கிறது. ஈ.பி., சொத்து வரி, தண்ணீர் வரி ரசீதுகளை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தேடும்போதே, பொது இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்றும் பாருங்கள். பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று தளத்துக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்கு 2023-இல் தமிழ்நாட்டில் தனியாகக் குறைந்த கட்டணம் அறிவிக்கப்பட்டது. பழைய வகையிலேயே பில் வந்துகொண்டிருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளுங்கள்.